போன் பூட்டின் சாவியே பணப்பெட்டிக்கும் சாவியா?

வங்கிச் செயலிகளையும் பணம் செலுத்தும் செயலிகளையும் உருவாக்குகிறவர்களுக்கும், அவற்றின் உதவி மையங்களை நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம்.

நான் பத்து வருடங்களாக மொபைல் செயலிகள் எழுதுகிறவன். வங்கிச் செயலி எதுவும் எழுதியதில்லை. ஆனால் நீங்கள் எந்தக் கருவிகளை வைத்து வேலை செய்கிறீர்களோ, அதே கருவிகளை வைத்துத்தான் நானும் வேலை செய்கிறேன். அதனால் உங்கள் செயலி ஒன்று தப்பாக நடந்துகொள்ளும்போது, அதற்குப் பின்னால் என்ன வரி எழுதப்பட்டிருக்கும் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. இந்த மடலை எழுதக் காரணம் என் அண்ணியின் போன் பறிபோனது. எந்த வங்கி என்று சொல்லப்போவதில்லை. ஏனென்றால் அதன் பிறகு என் வீட்டில் உள்ளவர்கள் வைத்திருக்கும் மற்றச் செயலிகளையும் சோதித்துப் பார்த்தேன்; அதே ஓட்டை வேறு சிலவற்றிலும் இருந்தது.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலை. அண்ணி பேருந்துக்காகக் காத்திருந்தார். விரல் ஈரமாக இருந்ததால் போன் கைரேகையை ஏற்கவில்லை. இரண்டு முறை தேய்த்துப் பார்த்துவிட்டு, பின் நம்பரை அடித்துத் திறந்திருக்கிறார். நான்கு இலக்கம். பின்னால் நின்றவன் அதைப் பார்த்திருக்க வேண்டும். ஓரிரு நிமிடத்தில், சரியாக 7:05-க்கு, கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டான். நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம், அப்போது அவர் அண்ணனுக்கு அனுப்பிக்கொண்டிருந்த செய்தி பாதியில் போய்ச் சேர்ந்திருந்ததுதான்.

பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணின் போனை வாங்கி 7:09-க்கு அண்ணனை அழைத்தார். அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அதுதான். 7:12-க்கு அண்ணன் எனக்குச் சொன்னார். 7:14-க்கு வங்கியின் உதவி எண்ணை அழைத்தார். கணக்கு முடக்கப்பட்டது 7:41-க்கு.

இதே நேரத்தில் அந்தப் பக்கம் என்ன நடந்தது என்பதைப் பிறகு வங்கிப் பதிவுகளிலும் மின்னஞ்சலிலும் பார்த்தோம். 7:13-க்குச் செயலிக்குள் நுழைந்திருக்கிறான். 7:16-க்குப் பணம் அனுப்பும் பின் நம்பரை மாற்றியிருக்கிறான். 7:18-க்குப் புதிதாக ஒருவரைப் பெறுநராகச் சேர்த்திருக்கிறான். 7:19, 7:23, 7:24 என்று மூன்று தடவையாக அன்றைய வரம்பு முடியும்வரை பணம் போயிருக்கிறது. அண்ணியின் இரண்டு மாதச் சம்பளத்துக்குச் சமம். 7:41-க்கு நாங்கள் முடக்கியதால் மிஞ்சியது ஒன்றே ஒன்று: நள்ளிரவு தாண்டியதும் புதிதாகத் தொடங்கும் மறுநாள் வரம்பு அவன் கைக்குப் போகவில்லை.

அதே போனில் பணம் செலுத்தும் இன்னொரு செயலியும் இருந்தது. அதிலும் பணம் இருந்தது. அதற்கு அண்ணி ஆறு இலக்கத்தில் தனியாக ஒரு பின் நம்பர் வைத்திருந்தார். 7:26-க்கு அதைத் திறக்க முயன்று, மூன்று முறை தப்பாக அடித்து, செயலி தானாகப் பூட்டிக்கொண்டது. ஒரு காசும் போகவில்லை. ஒரே போன், ஒரே திருடன், ஒரே மாலை. இரண்டு செயலிகளுக்கும் இருந்த வித்தியாசம் அந்த ஒரு பூட்டுதான்.

அப்படியானால் முதல் செயலிக்குப் பூட்டே இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. திறக்கும்போதெல்லாம் கைரேகை கேட்கும். அண்ணியும் அதை நம்பித்தான் இருந்தார். என் விரல் இல்லாமல் எப்படித் திறந்தான் என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். அன்று இரவு என் போனில் அதே செயலியை நிறுவி, வேண்டுமென்றே தப்பான விரலை வைத்தேன். கைரேகைப் பெட்டியின் அடியில் சின்னதாக ஒரு பொத்தான்: போனின் பின் நம்பரைப் பயன்படுத்தலாம் என்று. அழுத்தினேன். போனைத் திறக்கும் அதே நான்கு இலக்கத்தை அடித்தேன். கணக்கு திறந்துகொண்டது.

இதை நீங்கள் எந்த வரியில் அனுமதிக்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியும். ஆண்ட்ராய்டில் அது இப்படி இருக்கும்:

```
setAllowedAuthenticators(BIOMETRIC_STRONG or DEVICE_CREDENTIAL)
```

இதில் அந்த `DEVICE_CREDENTIAL` என்ற சொல்தான் திருடனுக்கு வழிவிட்டது. ஐபோனில் இதற்கு இணையானது `deviceOwnerAuthentication`. கைரேகையோ முகமோ ஒத்துவராதபோது போனின் பூட்டெண்ணை வாங்கிக்கொண்டு, சரி, இவர்தான் உரிமையாளர் என்று அது சொல்லிவிடும். ஒரு குறிப்பேட்டுச் செயலிக்கு அது போதும். பணத்துக்குப் போதாது. போனின் பூட்டெண் ஒரு நாளில் எத்தனையோ முறை, பேருந்திலும் வரிசையிலும் மின்தூக்கியிலும், பத்துப் பேர் நடுவில் அடிக்கப்படும் எண். அதைப் பார்க்கவே முடியாது என்று வைத்துக்கொண்டு ஒரு பூட்டைக் கட்டக் கூடாது.

இது புதிதாக வந்த ஆபத்தும் இல்லை. பூட்டெண்ணை அடிக்கும்போது பார்த்து வைத்துக்கொண்டு, பிறகு ஐபோனைப் பறித்து, கணக்கையும் பணத்தையும் எடுத்துக்கொள்ளும் திருட்டுகளைப் பற்றி 2023 பிப்ரவரியிலேயே வால் ஸ்ட்ரீட் ஜர்னல் விரிவாக எழுதியது. ஆப்பிள் 2024 ஜனவரியில், iOS 17.3-இல், Stolen Device Protection என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. அது இயங்கும்போது, பழக்கமான இடங்களுக்கு வெளியே சேமித்த கடவுச்சொற்களைப் பார்க்க முகமோ கைரேகையோ வேண்டும். பூட்டெண் மட்டும் போதாது. ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல்லை மாற்ற ஒரு மணி நேரம் காத்திருக்கவும் வேண்டும். 2025 ஜனவரியில் கூகுள் Identity Check என்று அதே மாதிரி ஒன்றைச் சில ஆண்ட்ராய்டு போன்களுக்குக் கொடுத்தது. பூட்டெண்ணைத் தெரிந்தவன் உரிமையாளர் அல்ல என்று போனைச் செய்கிறவர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஆனால் உங்கள் செயலி எந்தச் சாவியை ஏற்க வேண்டும் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

பொத்தானை எடுத்துவிட்டால் முடிந்ததா என்றால், இல்லை. போனின் பூட்டெண் தெரிந்தவன் போனின் அமைப்புகளுக்குள் போய்த் தன் விரலையே புதிய கைரேகையாகச் சேர்க்க முடியும். அரை நிமிட வேலை. பிறகு உங்கள் செயலியைத் திறந்து அந்த விரலை வைத்தால், போன் “சரியான விரல்” என்று சொல்லும். போனைப் பொறுத்தவரை அது பொய்யும் இல்லை. உங்கள் செயலி வெறும் ஆம், இல்லை என்ற பதிலை மட்டும் கேட்டுக்கொண்டு கதவைத் திறந்தால், எந்த விரல் என்று அதற்குத் தெரியவே போவதில்லை.

இதற்கான வழி உங்கள் கருவியிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டில், போனின் பாதுகாப்புப் பெட்டகத்தில் ஒரு சாவியை உருவாக்கும்போது `setInvalidatedByBiometricEnrollment(true)` என்று சொல்லலாம். கைரேகை மட்டுமே திறக்கும் சாவியாக அதை உருவாக்கியிருந்தால், புதிய கைரேகை சேர்ந்த கணமே அந்தச் சாவி செத்துவிடும். ஐபோனில் `biometryCurrentSet` அதே வேலையைச் செய்யும். சாவி செத்துப்போனால் செயலி என்ன செய்ய வேண்டும்? தன் சொந்தப் பின் நம்பரைக் கேட்க வேண்டும். அந்த இடத்தில்தான் செயலிக்கென்று தனியாக ஒரு பின் நம்பர் இருந்தே ஆக வேண்டும் என்கிறேன். அது இல்லாத செயலி, கைரேகை தோற்றால் திரும்பிப் போய் நிற்க வேறு இடமில்லாமல், போனின் பூட்டெண்ணிடமே போய் நிற்கும்.

அந்தப் பின் நம்பர் எப்படி இருக்க வேண்டும் என்பதில் எனக்குப் பெரிய பட்டியல் இல்லை. ஆறு இலக்கம் இருக்கட்டும். போனின் பூட்டெண்ணாக நான்கு இலக்கம் வைத்திருக்கும் ஒருவர் அதையே இங்கேயும் அடித்துவிட்டுப் போக முடியாது என்பது அதில் ஒரு கூடுதல் நன்மை. போனின் பூட்டெண் எது என்று உங்கள் செயலியால் பார்க்க முடியாது, எனவே இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிட முடியாது. ஆனால் எண்ணை அமைக்கும் திரையில் ஒரு வரி எழுத முடியும்: “உங்கள் போனைத் திறக்கும் எண்ணை இங்கே வைக்காதீர்கள், போனைப் பறிப்பவனுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கலாம்.” காரணத்தோடு சொன்னால் கேட்பார்கள். காரணம் இல்லாமல் “வலுவான எண்ணைத் தேர்ந்தெடுக்கவும்” என்று மட்டும் சொன்னால் பிறந்த தேதியை வைப்பார்கள். அதையும் நீங்கள் மறுக்கலாம், பிறந்த தேதி உங்களிடம் இருக்கிறதே. எத்தனை முறை தப்பாக அடித்தார்கள் என்ற கணக்கைப் போனில் வைக்காமல் உங்கள் சர்வரில் வையுங்கள். அப்போதுதான் செயலியை அழித்துவிட்டுத் திரும்ப நிறுவினாலும் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்காது. அப்புறம், செயலிக்குள் நுழையும்போது கேட்டதோடு நிறுத்தாமல், பணம் வெளியே போகும் நொடியிலும் கேளுங்கள். திறந்த செயலியோடு போன் பறிபோவதும் உண்டு.

அண்ணியின் செயலியிலும் பணம் அனுப்ப ஒரு தனிப் பின் நம்பர் இருந்தது என்று மேலே சொன்னேன் அல்லவா. அதை அவன் மூன்றே நிமிடத்தில் மாற்றிவிட்டான். உங்களிடம் நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். பூட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் “பின் நம்பர் மறந்துவிட்டதா?” என்ற பொத்தானுக்குப் பின்னால் இருப்பதுதான் உண்மையான பூட்டு. அந்தச் செயலி அங்கே மூன்று விஷயங்கள் கேட்டது: அட்டையின் எண், அது காலாவதியாகும் மாதம், பதிவு செய்த நம்பருக்கு வரும் ஓடிபி. அட்டையின் படம் அண்ணியின் போனில் புகைப்படங்களுக்கு நடுவே இருந்தது. எப்போதோ எங்கேயோ எண்ணை அடிக்க வசதியாக எடுத்து வைத்தது. ஓடிபி வந்து சேர்ந்ததும் அவன் கையில் இருந்த அதே போனுக்குத்தான். மூன்றுமே ஒரே பையில் இருந்தன. மூன்று கேள்வி கேட்டோம் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். உண்மையில் கேட்டது ஒன்றுதான்: போன் உன்னிடம் இருக்கிறதா?

மறந்தவர்களுக்கு வழி வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். உதவி மையத்துக்கு வரும் அழைப்புகளில் மறந்துபோன பின் நம்பருக்கான அழைப்புகள் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும்; அதைக் குறைக்கத்தான் இப்படி எளிதாக்கினீர்கள் என்பதும் புரிகிறது. நான் கேட்பது, மாற்றிய பிறகு கொஞ்ச நேரம் பொறுக்கச் சொல்லுங்கள் என்பதுதான். பின் நம்பரை ஓடிபி வழியாக மாற்றினால், அடுத்த 24 மணி நேரத்துக்குப் புதிய பெறுநரைச் சேர்க்க முடியாது, ஏற்கெனவே இருக்கும் பெறுநர்களுக்கும் சின்னத் தொகைதான் போகும் என்று வையுங்கள். உண்மையிலேயே மறந்தவருக்கு அது ஒரு நாள் சங்கடம். பறிகொடுத்தவருக்கு அந்த ஒரு நாள்தான் எல்லாமே. அவசரமாக வேண்டும் என்பவர் அடையாள அட்டையோடு கிளைக்கு வரட்டும், அல்லது வேறொரு சாதனத்திலிருந்து முகம் காட்டி உறுதி செய்யட்டும். எதுவானாலும் சரி, பறிபோன போனுக்குள் இல்லாத ஏதாவது ஒன்றைக் கேளுங்கள்.

இனி 7:14-லிருந்து 7:41 வரை.

அண்ணன் அழைத்ததும் பதிவுக்குரல் வந்தது. மொழியைத் தேர்வு செய்யச் சொன்னது. புதிய கடன் திட்டத்தைப் பற்றிச் சொன்னது. அப்புறம், “விரைவான சேவைக்கு உங்கள் பதிவு செய்த எண்ணிலிருந்து அழைக்கவும்” என்றது. பதிவு செய்த எண் திருடனின் சட்டைப்பையில் இருக்கிறது. ஏழாவது நிமிடத்தில் ஒரு மனிதர் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார், அவர்மேல் எனக்குக் குறையில்லை. கணக்கு எண் கேட்டார். அது செயலிக்குள் இருக்கிறது. வீட்டுக்குப் போய் அலமாரியில் பாஸ்புக்கைத் தேடினோம். பிறகு, கணக்கு வைத்திருப்பவரே பேச வேண்டும் என்றார். அண்ணியை இன்னொருவரின் போன் வழியாக இணைத்தோம். பெயர், பிறந்த தேதி, தாயின் பெயர் எல்லாம் சொன்னார். அது ஆனதும் அவர் சொன்னார்: “நன்றி மேடம், உறுதிப்படுத்துவதற்காக உங்கள் எண்ணுக்கு ஒரு ஓடிபி அனுப்பியிருக்கிறேன், அதைச் சொல்லுங்கள்.”

அண்ணி அழுதுவிட்டார். “அந்த போன்தானே தம்பி போயிடுச்சு” என்றார் அவரிடம்.

அதற்கு மேல் அவருக்குக் கொடுக்கப்பட்ட திரையில் வேறு வழி இல்லை. மேலதிகாரியிடம் மாற்றி, திரும்ப எல்லாக் கேள்விகளையும் கேட்டு முடக்கும்போது 7:41. பதிவுகளைப் பிறகு பார்த்தபோது, நாங்கள் ஓடிபி பற்றிப் பேசத் தொடங்கும் முன்பே மூன்று தொகையும் போயிருந்தது தெரிந்தது. ஆனால் 7:14-க்கே முடக்க முடிந்திருந்தால் பின் நம்பரைக்கூட அவனால் மாற்றியிருக்க முடியாது.

இங்கே ஒரு அடிப்படைக் குழப்பம் இருக்கிறது என்று நினைக்கிறேன். கணக்கைத் திறப்பதற்கு என்ன சோதனை வைக்கிறீர்களோ, பூட்டுவதற்கும் அதே சோதனையை வைத்திருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றல்ல. யாரோ ஒருவர் தவறாக என் கணக்கைப் பூட்டிவிட்டால் எனக்குச் சில மணி நேரம் தொல்லை. யாரோ ஒருவர் தவறாகத் திறந்துவிட்டால் பணமே போய்விடும். எனவே பூட்டுவதற்குக் குறைவாகக் கேளுங்கள், திறப்பதற்கு நிறையக் கேளுங்கள். “போன் திருடு போய்விட்டது” என்பது பதிவுக்குரலின் முதல் தேர்வாக, கடன் திட்ட அறிவிப்புக்கும் முன்னால் இருக்கட்டும். எந்த எண்ணிலிருந்து அழைத்தாலும் ஏற்றுக்கொள்ளட்டும். செயலிக்குள் நுழையாமலே, யாருடைய போனிலிருந்தும், ஒரு வலைப்பக்கத்தில் முடக்க வழி இருக்கட்டும். ஓடிபி கேட்கவே கூடாது.

வேண்டாதவர்கள் குறும்புக்காக முடக்கிவிடுவார்களே என்ற பயம் நியாயமானது. பிரிந்த துணையோ கோபித்துக்கொண்ட உறவினரோ பிறந்த தேதியைத் தெரிந்து வைத்திருப்பார்கள். இதற்கு எனக்குத் தோன்றும் வழி ஒன்று: கணக்கு தொடங்கும்போதே வாடிக்கையாளர் ஒரு முடக்கச் சொல்லைத் தேர்ந்துகொள்ளட்டும். அந்தச் சொல்லால் பூட்ட மட்டும்தான் முடியும், வேறு எதற்கும் உதவாது. அதனால் அதைத் தாளில் எழுதிப் பணப்பையிலும் வைக்கலாம், வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடமும் சொல்லி வைக்கலாம். அது கசிந்தாலும் பணம் போகாது. அண்ணிக்குப் பதில் அண்ணனே 7:14-க்கு அந்தச் சொல்லைச் சொல்லி முடக்கியிருப்பார். முடக்கியதும் நேரத்தோடு ஒரு புகார் எண்ணையும் உடனே கொடுங்கள். எந்த நிமிடத்தில் தகவல் சொன்னோம் என்பதற்கு அதுதான் பிறகு சாட்சி; இழப்பை யார் ஏற்பது என்ற பேச்சு வரும்போது எல்லாம் அந்த நிமிடத்தைச் சுற்றித்தான் நடக்கிறது.

உங்கள் செயலியின் உதவிப் பக்கங்களில் “போன் தொலைந்தால் உடனே செயல்படுங்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். எதை முதலில் செய்வது என்று எழுதவில்லை. பதற்றத்தில் இருப்பவருக்கு அந்த வரிசைதான் வேண்டும். நாங்கள் அதில் தவறினோம், அதனால் சொல்கிறேன்.

அண்ணன் வங்கியிடம் பேசிக்கொண்டிருந்தபோது நான் சிம்மை முடக்க ஓடினேன். ஓடிபி போவதை நிறுத்த வேண்டும் என்ற எண்ணம். எண்ணம் சரிதான். ஆனால் சிம் முடங்கியதும் போனின் இணையமும் போய்விட்டது. அதற்குப் பிறகு போனைத் தொலைவிலிருந்து பூட்டக் கட்டளை அனுப்பினேன். அது போய்ச் சேரவே இல்லை. போன் இணையத்தில் இருக்கும்போதுதான் அந்தக் கட்டளை வேலை செய்யும். எனவே கைகள் இரண்டு இருந்தால் இப்படிச் செய்ய வேண்டும்: ஒருவர் உடனே வங்கியை அழைத்துக் கணக்கை முடக்க வேண்டும். அதே நேரத்தில் இன்னொருவர் போனைத் தொலைவிலிருந்து பூட்ட வேண்டும், பூட்டியதும் சிம்மை முடக்க வேண்டும். தொலைவுப் பூட்டு ஒரு நிமிடத்தில் நடக்கவில்லை என்றால் அதற்காகக் காத்திருக்காமல் சிம்முக்குப் போய்விட வேண்டும். தனி ஆளாக இருந்தால் முதல் அழைப்பு வங்கிக்குத்தான்.

தொலைவிலிருந்து பூட்ட ஆண்ட்ராய்டில் `android.com/lock` என்ற பக்கம் இருக்கிறது. கூகுள் கடவுச்சொல் தேவையில்லை, போன் நம்பர் போதும். ஆனால் போனின் அமைப்புகளில் Remote Lock என்பதை முன்கூட்டியே இயக்கி வைத்திருக்க வேண்டும். அண்ணி போனில் அது இயங்கவில்லை. அதனால் நான் கணக்கு வழியாக முயன்றேன். இரண்டாம் உறுதிப்பாடு கேட்டு, அதற்கான செய்தியைப் பறிபோன போனுக்கே அனுப்பியது. அங்கே போன நிமிடங்கள்தான் என்னைச் சிம்முக்கு விரட்டின. ஐபோன்காரர்களுக்கு `icloud.com/find` என்ற பக்கம் உண்டு. அதற்கு ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல் போதும், அந்த இரண்டாம் எண்ணைக் கேட்காது. இந்த இரண்டு முகவரிகளையும் உங்கள் உதவிப் பக்கத்தில் போட உங்களுக்கு என்ன தடை? உங்கள் பணத்தையும்தானே அது காக்கிறது.

சிம் பற்றி இன்னும் ஒன்று. போன் பூட்டியிருந்தாலும் சிம்மைக் கழற்றி வேறொரு போனில் போட்டால் ஓடிபி அங்கே வரும். சிம்முக்கே ஒரு பின் நம்பர் வைத்தால், வேறு போனில் போட்டதும் அதைக் கேட்கும். மூன்று முறை தப்பினால் பூட்டிக்கொள்ளும், பிறகு சேவை நிறுவனம் தரும் எட்டு இலக்க பியூகே எண் இல்லாமல் திறக்காது. ஆனால் அண்ணிக்கு நடந்ததுபோல் போன் திறந்த நிலையில் போனால் சிம் பின் நம்பரால் பயனில்லை. சிம் ஏற்கெனவே விழித்திருக்கிறது. இதைச் சொல்லாமல் சிம் பின் நம்பரை ஒரு மருந்துபோல் பரிந்துரைக்கும் பக்கங்களைப் பார்த்திருக்கிறேன். அதேபோலத்தான் ஐஎம்இஐ எண்ணும். `*#06#` அடித்தால் வரும் அந்த 15 இலக்கத்தைக் குறித்து வைப்பது காவல் நிலையப் புகாருக்கு வேண்டும், போனை வலையமைப்பில் முடக்கவும் உதவும். வங்கிக் கணக்குக்கு அதனால் எந்தப் பாதுகாப்பும் இல்லை. அது மறுநாள் வேலை. முதல் அரை மணி நேரத்தை அதில் செலவழிக்க வேண்டாம் என்று உங்கள் பக்கம் தெளிவாகச் சொல்லட்டும்.

நான்கு நாள் கழித்து, புதிய சிம் வாங்கிய பிறகு, அண்ணிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. உங்கள் போன் கிடைத்துவிட்டது, இருக்கும் இடத்தைப் பார்க்க இந்த இணைப்பில் நுழையுங்கள் என்று. பார்த்தால் நிறுவனம் அனுப்பியது மாதிரியே இருந்தது. கணக்கின் கடவுச்சொல்லை வாங்கி, போனைத் தங்களுக்கு உரியதாக மாற்றிக்கொள்ளத்தான் அது. நல்லவேளை, எனக்கு அனுப்பிக் கேட்டார். புகார் எண் கொடுக்கும்போதே “இப்படி ஒரு செய்தி வரும், நம்பாதீர்கள்” என்று ஒரு வரி நீங்கள் சேர்த்தால், வீட்டில் கேட்க ஆளில்லாதவர்களுக்கு உதவும்.

உங்களிடம் கடைசியாக ஒரு வேண்டுகோள். இதைப் படித்ததும் உங்கள் குழுவில் ஒருவரின் போனை எடுத்துக்கொள்ளுங்கள், சோதனைக் கணக்கில் வேண்டாம், அவருடைய சொந்தக் கணக்கிலேயே செய்து பாருங்கள். அவருடைய பூட்டெண்ணைக் கேட்டு வாங்கி, உங்கள் செயலியைத் திறந்து, உங்கள் விரலை வையுங்கள். போனின் எண்ணை அடிக்கலாம் என்று அது சொல்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அமைப்புகளில் உங்கள் விரலைப் புதிதாகச் சேர்த்துவிட்டுத் திரும்பச் செயலியைத் திறங்கள். செயலியின் சொந்தப் பின் நம்பரைக் கேட்காமல் உள்ளே விட்டால் அது இரண்டாவது ஓட்டை. அப்புறம் “மறந்துவிட்டதா” என்பதை அழுத்தி, அந்தப் போனுக்கு வெளியே எங்கும் போகாமல் எத்தனை படி தாண்ட முடிகிறது என்று எண்ணுங்கள். முடிந்ததும் போனை அவரிடம் கொடுக்காமல், வேறொருவரின் போனிலிருந்து உங்கள் உதவி எண்ணை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணி அந்த வங்கியை விட்டுப் போகவில்லை. சம்பளம் அதில்தான் வருகிறது. வந்த அன்றே போனில் செயலியே இல்லாத இன்னொரு கணக்குக்குப் பெரும்பகுதியை மாற்றிவிடுகிறார். உங்கள் செயலியை அவர் இப்போது நம்புவது அவ்வளவுதான். எந்த நிமிடத்தில் உங்கள் உதவி மையம் கணக்கை முடக்கியது என்ற எண்ணைச் சொல்லுங்கள், அவரிடம் சொல்கிறேன்.

இப்படிக்கு,
7:12-க்கு அழைப்பு வந்த கொழுந்தன்